ஜிம் டிரெய்னர் ரெஸ்யூமேயை விளம்பரத்தோடு வைத்துப் படிப்பது

கேள்வி: ஈரோட்டில் ஜிம் வைத்திருக்கிறேன். "சர்டிஃபைடு டிரெய்னர் தேவை, சாயங்காலம் 4 முதல் 10, வெயிட் லாஸ் கிளையன்ட்களைக் கையாளத் தெரிய வேண்டும், தினம் 2 குரூப் பேட்ச்" என்று விளம்பரம் போட்டேன். பேட்சுக்கு 18 பேர் வருவார்கள், பாதிக்கு மேல் 35 தாண்டிய பெண்கள். ஹால் 30க்கு 24 அடி. 11 ரெஸ்யூமே வந்திருக்கிறது, படித்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. பிடித்த ஒன்றில் இருப்பது இது: ஏஸ் சர்டிஃபைடு (2019), என்ஐஎஸ், ஜூம்பா; 6 வருட அனுபவம், அதில் முதல் 2 வருடம் ஃப்ளோர் டிரெய்னர்; 200+ டிரான்ஸ்ஃபர்மேஷன், 90 நாளில் 18 கிலோ வரை குறைப்பு; 60 பேர் பேட்ச் நடத்தியவர். இவரைக் கூப்பிடலாமா? எதை நம்புவது?

பதில்:

கூப்பிடலாம். ஆனால் அதற்கு முன்னால் போனில் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மூன்றையும் இந்த ரெஸ்யூமேயிலிருந்தே எடுத்துத் தருகிறேன். மதுரையில் 12 வருடமாக ஜிம் நடத்துகிறேன், இந்த மாதிரி ரெஸ்யூமேக்களை நிறையப் படித்திருக்கிறேன், இரண்டு மூன்று தடவை நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் குறை, அது உங்கள் பக்கம். கேள்வியில் எழுதிய அளவுக்குக்கூட நீங்கள் விளம்பரத்தில் எழுதவில்லை. 18 பேர், பாதிக்கு மேல் 35 தாண்டிய பெண்கள், 30க்கு 24 ஹால் என்பதெல்லாம்தான் வேலையே. "வெயிட் லாஸ் கிளையன்ட்" என்று மட்டும் போட்டால், 24 வயதுப் பையனுக்கு சிக்ஸ் பேக் வரவைத்தவரும் அனுப்புவார், முட்டி வலிக்கிற அக்காவை ஆறு மாதம் விடாமல் வரவைத்தவரும் அனுப்புவார். இரண்டு பேரும் "வெயிட் லாஸ் ஸ்பெஷலிஸ்ட்" என்றுதான் எழுதியிருப்பார்கள். எல்லாம் ஒரே மாதிரித் தெரிகிறது என்கிறீர்களே, அதில் பாதிக் காரணம் இதுதான். எனவே ரெஸ்யூமேயை விளம்பரத்தோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் ஹாலில் சாயங்காலம் நிற்கிற அந்த 18 பேரோடு ஒப்பிடுங்கள்.

சரி, சான்றிதழ் வரிக்கு வருவோம்.

"ஏஸ் சர்டிஃபைடு (2019)". ஏஸ் என்பது அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ். நல்ல பெயர் உள்ள அமைப்பு, தேர்வும் ஒழுங்கான தேர்வு. ஆனால் அந்தச் சான்று 2 வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குள் 20 மணி நேரத் தொடர் பயிற்சி முடித்து, கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதனால் ரெஸ்யூமேயில் 2019 என்று இருந்தால் அது அவர் பாஸான வருடம். இன்றைக்கு அவர் ஏஸ் சர்டிஃபைடா என்பது அந்த வரியில் இல்லை. புதுப்பித்துக்கொண்டே வந்தவர் பெரும்பாலும் காலாவதி தேதியைத்தான் பெருமையாகப் போடுவார்.

இன்னொரு இடத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பக்கம் நிறைய அகாடமிகள் ஏஸ் தேர்வுக்குப் பயிற்சி தருகின்றன. மூன்று மாத வகுப்பு முடித்ததும் அகாடமியே ஒரு சான்றிதழ் கொடுக்கும். அதில் அகாடமியின் முத்திரை பெரிதாக இருக்கும், "ஏஸ் பாடத்திட்டத்தின்படி" என்ற மாதிரி ஒரு வரியும் இருக்கும். அது வகுப்பில் உட்கார்ந்ததற்கான சான்று. தேர்வு எழுதிப் பாஸானதற்கான சான்று ஏஸிடமிருந்து வரும், அதில் சான்று எண்ணும் காலாவதி தேதியும் இருக்கும். வகுப்பை முடித்துவிட்டுத் தேர்வுக் கட்டணம் டாலரில் இருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றவர்கள் ஏராளம். அவர்களில் பலர் பொய் சொல்லும் நோக்கத்தோடு எழுதுவதில்லை. அகாடமி சொல்லிக்கொடுத்த மாதிரியே எழுதுகிறார்கள்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. சிபிஆர் கார்டு, அதாவது இதயம் நின்றுவிட்டால் செய்கிற முதலுதவிக்கான சான்று, இருக்கிறதா என்று கேளுங்கள். ஏஸ் சான்றுக்கே செல்லுபடியாகும் சிபிஆர் சான்று வேண்டும், புதுப்பிக்கும்போதும் கேட்பார்கள். ஏஸ் இருக்கிறது, சிபிஆர் என்றால் என்னவென்று தெரியாது என்று ஒருவர் விழித்தால், அவரிடம் இருப்பது அகாடமித் தாள்தான் என்று நினைத்துக்கொள்ளலாம். உங்கள் பேட்சில் 35, 45 வயதுக்காரர்கள் இருப்பதால் சிபிஆர் கார்டு உங்களுக்குத் தனியாகவும் வேண்டிய பொருள். மற்றபடி எண்ணும் பெயரும் கையில் இருந்தால், ஏஸின் இணையதளமான acefitness.org-இல் சான்றைச் சரிபார்க்கும் பகுதியில் போட்டுப் பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.

"என்ஐஎஸ்" என்று மொட்டையாக எழுதியிருப்பதும் இதே கதைதான். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் ஒரு வருட டிப்ளமோவும் நடத்துகிறது, ஆறு வாரச் சான்றிதழ் வகுப்பும் நடத்துகிறது. இரண்டையும் முடித்தவர்கள் "என்ஐஎஸ்" என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். எது, எந்த விளையாட்டில் என்று கேளுங்கள். பளு தூக்குதலில் ஆறு வாரம் என்றால் ஸ்குவாட், டெட்லிஃப்ட் எல்லாம் அழகாகச் சொல்லிக்கொடுப்பார். ஆனால் அது வீரர்களைத் தயார் செய்வதற்கான படிப்பு. முட்டி தேய்ந்த அம்மாவுக்கு என்ன செய்வது என்பது அதில் இல்லை.

ஜூம்பாவுக்குப் பட்டம் கிடையாது, பயிற்றுநர் உரிமம்தான். ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சியில் வாங்கிவிடலாம், அதற்கும் காலாவதி உண்டு. உரிமம் நடப்பில் இல்லாதவரை வைத்து வகுப்பு நடத்தி, "ஜூம்பா" என்று போர்டும் வைத்தால் வம்பு உங்களுக்குத்தான், அது பதிவு செய்யப்பட்ட பெயர். அப்புறம், பாட்டுக்கு ஆடத் தெரிவதும் வகுப்பு நடத்தத் தெரிவதும் வேறு வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, காலாவதியானவர்களை எல்லாம் கழித்துக்கட்டிவிடாதீர்கள். ஏன் புதுப்பிக்கவில்லை என்று கேட்டால், "சம்பளம் 18,000, அதில் அந்தக் கட்டணம் கட்ட முடியவில்லை சார்" என்பார்கள். அது நியாயமான பதில். "அதெல்லாம் லைஃப்டைம் சார்" என்றால்தான் தப்பு. உங்கள் 11-இல் யாராவது பி.பி.எட். முடித்தவர் இருந்தால் அந்த ரெஸ்யூமேயைத் தனியாக எடுத்து வையுங்கள். நந்தனம் ஒய்எம்சிஏ கல்லூரியோ, மேலக்கோட்டையூர் உடற்கல்விப் பல்கலைக்கழகமோ, வேறு கல்லூரியோ, எதுவானாலும் சரி. ஜிம் உலகில் அந்தப் படிப்பை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஒரு கும்பலை வரிசையில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி அந்தப் படிப்பிலேயே இருக்கிறது. தினம் 2 பேட்ச் நடத்த அது உதவும்.

இப்போது "200+ டிரான்ஸ்ஃபர்மேஷன்". இந்த வரியில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன், நீங்களும் ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் 6 வருடம் என்கிறார், முதல் 2 வருடம் ஃப்ளோர். ஃப்ளோரில் நிற்பவர் யாரையும் தனியாக எடுத்து நடத்துவதில்லை, மெஷினைச் சரிசெய்து கொடுப்பார், கேட்டவருக்கு அன்றைய வொர்க்அவுட் சொல்வார். எனவே பெர்சனல் டிரெய்னிங், நாம் சொல்கிற பிடி, 4 வருடம். ஒரு ஷிப்டில் ஒருவர் ஆறு பிடி எடுத்தால் அதுவே அதிகம், ஆளுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். திங்கள் புதன் வெள்ளி ஒரு செட், செவ்வாய் வியாழன் சனி ஒரு செட் என்று வைத்தால் ஒரே சமயத்தில் 12 பேர். மூன்று மாதப் பேக்கேஜ் என்றால் வருடத்துக்கு 48 பேர், 4 வருடத்துக்கு 192. அதுவும் ஒரு இடம்கூடக் காலியாகாமல், ஒருவர்கூடப் பேக்கேஜை நீட்டிக்காமல், ஒவ்வொரு மூன்று மாதமும் 12 புது ஆட்கள் வந்தால்தான். அவருடைய 6 வருடத்தில் 2020 வருகிறது என்றால் மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை ஜிம்களே மூடிக் கிடந்தன, அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆக, அவர் கையில் எடுத்த மொத்தப் பேரே 200 இருக்க முடியாது. 200 பேருக்குப் பலன் வந்தது என்பது எப்படி? ஃப்ளோரில் "மாஸ்டர், இது எப்படிப் பண்றது" என்று கேட்டவர்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். இதை வைத்து அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட வேண்டாம். ரெஸ்யூமே எழுதிக் கொடுக்கிற கடைக்காரர் "நம்பர் போட்டாத்தான் எடுப்பாங்க தம்பி" என்று சொல்லியிருப்பார். ஆனால் அந்த எண்ணை உங்கள் முடிவில் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது 90 நாளில் 18 கிலோ. 90 நாள் என்பது கிட்டத்தட்ட 13 வாரம், அப்படியானால் வாரத்துக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. பொதுவாகப் பாதுகாப்பான வேகம் என்று சொல்லப்படுவது வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ. முதல் இரண்டு வாரம் சோறு, சர்க்கரையைக் குறைத்ததும் தண்ணீர் எடை வேகமாக இறங்கும், அதில் இரண்டு மூன்று கிலோ போகலாம். அதையும் சேர்த்துப் பார்த்தால், 125 கிலோ இருந்த ஆணுக்கு 18 கிலோ நடக்கக்கூடியதுதான். 72 கிலோ இருந்த பெண்ணுக்கு 18 கிலோ என்றால் எனக்கு பயம் வரும். பட்டினி போட்டாரா, மாத்திரை ஏதாவது கொடுத்தாரா, தசையும் சேர்ந்து போனதா? "வரை" என்ற சொல்லையும் பாருங்கள், அது ஒரே ஒருவருடைய கணக்கு. எனவே கேள்வி சுலபம்: "அந்த 18 கிலோ யார், ஆரம்பத்தில் எத்தனை கிலோ, இப்போது எத்தனை?" கடைசிக் கேள்விதான் முக்கியம். பேக்கேஜ் முடிந்த ஆறாவது மாதத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்பது நல்ல டிரெய்னருக்குத் தெரிந்திருக்கும்.

போட்டோ ஆல்பம் காட்டினால் பாருங்கள், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். முன்பு ஒருவரை ஆல்பத்தைப் பார்த்தே எடுத்தேன், அழகான ஆல்பம். இரண்டு மாதம் கழித்து, அதில் இருந்த ஒரு பெண்மணி எங்கள் ஜிம்முக்கு வந்தார். அவரைப் பார்த்து இவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. விசாரித்தால் அவருக்குப் பயிற்சி கொடுத்தது பழைய ஜிம்மில் இருந்த இன்னொரு டிரெய்னர், இவர் பக்கத்தில் ஃப்ளோரில் நின்றிருக்கிறார். அதிலிருந்து நான் போட்டோவைத் தள்ளிவைத்துவிட்டு, "ஒரே ஒரு கிளையன்டைப் பற்றி முதல் நாளிலிருந்து சொல்லுங்கள்" என்றுதான் கேட்கிறேன்.

இதற்கு இரண்டு விதமாகப் பதில் வரும். ஒரு விதம்: "டயட் கொடுத்தேன், கார்டியோ கொடுத்தேன், வெயிட்ஸ் கொடுத்தேன், நல்லா கம்மியாச்சு." இது யாரைப் பற்றியும் சொல்லலாம். இன்னொரு விதம், போன வருடம் எங்களிடம் சேர்ந்த பெண் சொன்னது, முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே: "ஒரு அக்கா சார், 44 வயசு, 81 கிலோ. உக்காந்து எந்திரிச்சா முட்டி சத்தம் போடும். முதல் மாசம் ஸ்குவாட்டே கொடுக்கல, நாற்காலியில உக்காந்து எந்திரிக்க வெச்சேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுறாங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னேன். ஆறு மாசத்துல ஏழு கிலோதான் சார் குறைஞ்சது. ஆனா இடுப்பு நாலு இஞ்ச் போச்சு, கோயில் படி நிக்காம ஏறுறாங்க." ஏழு கிலோதான் என்று அவரே தயங்கிச் சொன்னார். எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது.

அதில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். ஆரம்ப நிலை இருக்கிறது, வலிக்கு ஏற்ப மாற்றியது இருக்கிறது, தன் எல்லை தெரிந்து டாக்டரிடம் அனுப்பியது இருக்கிறது, எடையைத் தவிர இன்னொரு அளவும் இருக்கிறது. டேப்பால் இடுப்பை அளந்திருக்கிறார். உடல் கொழுப்பு சதவீதம் காட்டுகிற மெஷினை மட்டுமே நம்புகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அந்த மெஷின் உடம்பில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்தாயா, வியர்த்தாயா, சாப்பிட்டாயா என்பதைப் பொறுத்தே எண் மாறிவிடும். காலை வெறும் வயிற்றில் ஒரு தடவையும் வொர்க்அவுட் முடிந்து ஒரு தடவையும் எடுத்து, "மூணு பர்சன்ட் குறைஞ்சிருச்சு" என்று காட்டுவது ரொம்ப சுலபம்.

அப்புறம் ரெஸ்யூமேயில் யாரும் எழுதாத ஒரு எண் இருக்கிறது, நான் அதைத்தான் நம்புவேன்: ரினியூவல். "கடைசியாக வேலை பார்த்த ஜிம்மில், கடைசி மாதம் எத்தனை பிடி ஓடிக்கொண்டிருந்தது, அதில் எத்தனை பேர் இரண்டாவது தடவை பணம் கட்டியவர்கள்?" பிடியில் டிரெய்னருக்குக் கமிஷன் உண்டு அல்லவா, அதனால் இந்தக் கணக்கு அவருக்கு விரல் நுனியில் இருக்கும். "ஒன்பது பேர் சார், அஞ்சு பேர் ரினியூவல்" என்று யோசிக்காமல் சொன்னால், அது 200+ஐ விடப் பெரிய எண். பலன் தெரியாமல் யாரும் இரண்டாவது தடவை பணம் கட்ட மாட்டார்கள்.

டயட் பற்றி ஒரு வார்த்தை. "சப்ளிமென்ட் கைடன்ஸ்" என்று எந்த ரெஸ்யூமேயிலாவது இருந்தால், யாரிடம் வாங்கச் சொல்வார் என்று கேளுங்கள். தானே விற்பேன் என்றால் உங்கள் ஜிம்முக்குள் ஒரு கடை வரப்போகிறது, அதில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பதற்கு உங்கள் மெம்பர்கள் உங்களைத்தான் கேட்பார்கள்.

கடைசியாக 60 பேர் பேட்ச்.

உங்கள் ஹால் 720 சதுர அடி. 18 பேர் நின்றால் ஆளுக்கு 40 சதுர அடி, கையை வீசி, பாயும் போட்டுப் படுக்கலாம். அதே ஹாலில் 60 பேர் என்றால் ஆளுக்கு 12 சதுர அடி, மூன்றரை அடிக்கு மூன்றரை அடி. அதில் நின்று கைதட்டலாம், அவ்வளவுதான். எனவே 60 பேர் என்றால், அது எவ்வளவு பெரிய இடம், தினம் நடந்ததா, எத்தனை மாதம் நடந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ஏதாவது கல்லூரி விழாவிலோ, ஞாயிற்றுக்கிழமை சாலையை மூடி நடத்துகிற நிகழ்ச்சியிலோ மேடையில் ஏறி அரை மணி நேரம் ஆடியதாக இருக்கும். மேடையில் ஆடுகிறவர் யாரையும் திருத்த வேண்டியதில்லை. உங்கள் 18 பேரில் மூன்றாவது வரிசையில் முட்டி உள்ளே வளைகிறவரைப் பார்த்துத் திருத்த வேண்டும். அது வேறு திறமை, கூட்டம் பெரிதாக ஆக அது தெரிய வேண்டிய அவசியமே குறைகிறது.

இதைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது. 20 நிமிட டெமோ வகுப்பு வையுங்கள். உங்கள் வழக்கமான ஆட்களில் எட்டுப் பேரை நிறுத்துங்கள், அதில் முட்டி வலிக்காரர் ஒருவரும் போன வாரம் சேர்ந்தவர் ஒருவரும் இருக்கட்டும். யார் யார் என்று டிரெய்னரிடம் சொல்லாதீர்கள். நீங்கள் பின்னால் நின்று பாருங்கள்.

பாட்டைப் போடுவதற்கு முன்னால் "யாருக்காவது வலி, ஆபரேஷன், பிபி இருக்கா?" என்று கேட்கிறாரா? இது முதல் ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிடும், பாதிப் பேர் இங்கேயே சறுக்குவார்கள். அடுத்தது, அசைவு மாறுவதற்கு இரண்டு மூன்று எண்ணிக்கை முன்னாலேயே சொல்கிறாரா, மாறின பிறகு சொல்கிறாரா என்று கவனியுங்கள். பின்னால் சொன்னால் புது ஆள் எப்போதும் ஒரு படி தாமதமாகத் தடுமாறிக்கொண்டே இருப்பார், நாலாவது நாள் வர மாட்டார். குதிக்க முடியாதவருக்கு என்ன கொடுக்கிறார், எப்படிக் கொடுக்கிறார்? "அக்கா நீங்க மட்டும் நடங்க" என்று மைக்கில் சொன்னால் அந்த அக்காவுக்கு அவமானம். "ரெண்டு விதமாப் பண்ணலாம், குதிச்சும் பண்ணலாம், காலைத் தள்ளி வெச்சும் பண்ணலாம்" என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு, தானே இரண்டாவது விதத்தையும் செய்து காட்டினால் அவருக்கு வேலை தெரியும். முழு நேரமும் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு ஆடுகிறாரா, நடுவில் ஒரு தடவையாவது வரிசைகளுக்குள் நடக்கிறாரா என்பதையும் பாருங்கள். டெமோ முடிந்ததும் அந்த முட்டி வலிக்காரரிடம் தனியாக "எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதற்கு நான் என் கண்ணை விட அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இந்த ஆளுக்குப் போனில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஒன்று, ஏஸ் சான்றின் காலாவதி தேதி என்ன, சிபிஆர் கார்டு இருக்கிறதா; இரண்டு, கடைசி மாதம் எத்தனை பிடி, எத்தனை ரினியூவல்; மூன்று, 60 பேர் பேட்ச் எங்கே, எத்தனை நாள். முதல் கேள்விக்கு "முடிந்துவிட்டது, கட்டவில்லை" என்று நேராகச் சொல்லி, இரண்டாவதற்குக் கணக்கு சொல்லி, மூன்றாவதற்கு "அது ஒரு ஈவென்ட் சார், தினம் எடுத்தது 15 பேர் பேட்ச்" என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டால் அன்றைக்கே டெமோவுக்குக் கூப்பிடுங்கள். சிபிஆரை நீங்களே ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பி வாங்கிக் கொடுத்துவிடலாம். மூன்றுக்கும் சுற்றி வளைத்தால் அடுத்த ரெஸ்யூமேயை எடுங்கள். மற்ற பத்துப் பேரிடமும் இதே மூன்றைக் கேட்டால் பதினோரு பேர் நாலு பேராகிவிடுவார்கள். நாலு டெமோ நடத்த ஒரு வாரம் போதும்.

பழைய ஜிம்முக்குப் போன் செய்வதாக இருந்தால், ஆள் எப்படி என்று கேட்காதீர்கள், எல்லாரும் "நல்ல பையன்" என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் 4 மணி பேட்சுக்கு 4 மணிக்கு நின்றாரா, வேலையை விட்டுப் போகும்போது எத்தனை கிளையன்ட்களைக் கூடவே அழைத்துக்கொண்டு போனார் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பழைய ஓனர் கோபமாகப் பதில் சொன்னால், அதில் உங்களுக்கு நல்லதும் இருக்கிறது கெட்டதும் இருக்கிறது. கிளையன்ட்கள் பின்னாலேயே வருகிற டிரெய்னர் அவர், ஒரு நாள் உங்களிடமிருந்தும் அப்படியே போவார். நான் அந்த மாதிரி ஆளை எடுத்துக்கொள்வேன், ஆனால் பிடிக்கான பணம் ஜிம் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வேன்.

இன்னொன்று, டெமோவுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். நாலு ஜிம்மில் சும்மா டெமோ எடுத்துவிட்டு அலுத்துப்போய் வருகிறார்கள். ஐநூறு ரூபாயை நீட்டினால் அன்றைக்கு அவர்கள் நடத்துகிற வகுப்பே வேறு மாதிரி இருக்கும்.